ஒரு டன் கரும்புச் சக்கையில் எத்தனை யூனிட் மின்சாரம்?

ஒரத்தநாட்டுப் பக்கம் மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கும் என் தங்கை மகன், வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்த நாள் ஒன்றில் என்னிடம் கேட்டான்: “மாமா, நம் கரும்புச் சக்கையை எரித்து ஆலை மின்சாரம் விற்கிறதே, ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் விற்க முடியும்?” கொதிகலன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என்றாலும் ஒரே எண்ணைச் சொல்லி முடிக்க முடியவில்லை. ஒரு டன் கரும்பை ஒரு பழைய ஆலை அரைத்தால் வெளியே விற்க ஐந்து யூனிட் மிஞ்சும். அதே கரும்பை ஒரு புதிய இணை மின் உற்பத்தி ஆலை அரைத்தால் தொண்ணூறு யூனிட் மிஞ்சும். கரும்பும் சக்கையும் ஒன்றாக இருக்க, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் சக்கை. பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்னும் செங்கரும்பு மென்மையானது. ஆலைக்குப் போகும் கரும்பு வேறு. நம் பகுதியில் பெரிதும் நடப்படும் கோ 86032 போன்ற ரகங்களில் நார் அதிகம். ஒரு டன் கரும்பை ஆலையின் உருளைகள் பிழிந்து தள்ளும்போது சுமார் 290 கிலோ சக்கை வெளியே வருகிறது. கையில் எடுத்தால் காய்ந்த மரத்தூள் போலத் தோன்றினாலும் அதில் சரிபாதி தண்ணீர்தான். ஆக, உண்மையில் எரியக்கூடிய பொருள் 145 கிலோதான்.

இந்தச் சக்கையில் உள்ள வெப்பத்தை யூனிட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 600 யூனிட் வரும். சிலர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, டன்னுக்கு 600 யூனிட் மின்சாரம் எடுக்கலாமே என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வெப்பம் முழுவதையும் மின்சாரமாக மாற்ற எந்த இயந்திரத்தாலும் முடியாது. அதோடு, சக்கையின் முதல் வேலையே மின்சாரம் தருவது இல்லை, சாற்றைக் காய்ச்சுவதுதான். பிழிந்த சாறும், சக்கையில் எஞ்சிய இனிப்பைக் கழுவி எடுக்கத் தெளித்த வெந்நீரும் சேர்ந்தால் கரும்பின் எடைக்கு ஏறக்குறைய சமமாகிவிடும். அதில் முக்கால் பங்கு நீரை ஆவியாக்கினால்தான் பாகு கெட்டிப்படும். இதற்கு நீராவி வேண்டும். ஓரளவு நன்றாக நடக்கும் ஆலை ஒன்றுக்கு ஒரு டன் கரும்புக்குச் சுமார் 400 கிலோ நீராவி இதற்கே போகிறது.

சாறு காய்ச்ச வரும் அந்த நீராவி பெரிய சூடு உடையதாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் சாவி. சுமார் 2.5 பார் அழுத்தம், 127 டிகிரி வெப்பம் இருந்தால் போதும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் 120 டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறுகிறது. அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சக்கையை எரிக்கும் உலையோ ஆயிரம் டிகிரியை எட்டக்கூடியது. இவ்வளவு சூடான நெருப்பை வைத்துக்கொண்டு குக்கர் ஆவியை மட்டும் தயாரிப்பது பெரிய வீண். இடையில் உள்ள அந்த இறக்கத்தில் ஒரு டர்பைனை வைத்தால், ஆவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் கொடுத்துவிட்டு, களைத்துப்போய் 2.5 பார் ஆவியாக வெளியே வந்து சாற்றைக் காய்ச்சும். ஒரே ஆவி இரண்டு வேலை செய்கிறது. இணை மின் உற்பத்தி என்ற பெயரின் பொருள் இதுதான்.

காவிரிக்காரர்களுக்கு இதை மேட்டூரை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. மேட்டூர் அணையில் 120 அடி உயரத்துக்கு நீர் நிற்கிறது. திறந்துவிடும் நீர் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது அங்கே மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே நீர்தான் பிறகு கல்லணையைத் தாண்டி நம் வயலுக்கும் வருகிறது. மின்சாரம் எடுத்ததால் பாசனத்துக்கான நீர் ஒரு சொட்டும் குறையவில்லை. உயரம்தான் பயன்பட்டது. ஆலையில் அந்த உயரத்தின் இடத்தில் இருப்பது நீராவியின் அழுத்தமும் வெப்பமும். கீழ்ப்படி எப்போதும் 2.5 பார்தான், ஏனென்றால் சாறு காய்ச்ச அது வேண்டும். மேல்படியை எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதில்தான் மின்சாரம் இருக்கிறது.

பழைய ஆலைகளின் கொதிகலன்கள் 21 பார் அழுத்தத்தில், 340 டிகிரியில் ஆவி தந்தன. அந்த ஆவி டர்பைன் வழியாக 2.5 பாருக்கு இறங்கும்போது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 12 கிலோ ஆவி தேவைப்படும். இன்றைய இணை மின் ஆலைகள் பலவற்றில் 87 பார், 515 டிகிரி. அங்கே ஒரு யூனிட்டுக்கு ஐந்தரைக் கிலோ ஆவி போதும். இதில் எனக்கு இன்றும் வியப்பைத் தருவது வேறொன்று. 87 பார் ஆவியைத் தயாரிக்க, 21 பார் ஆவியைவிட ஒரு கிலோவுக்குப் பத்தில் ஒரு பங்கு வெப்பம்தான் கூடுதலாகத் தேவை. தண்ணீரை ஆவியாக மாற்றுவதற்கே வெப்பத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்தச் செலவு எப்படியும் உண்டு. அதற்கு மேல் கொடுக்கும் சிறிய கூடுதல் வெப்பமும், அதோடு வரும் அழுத்தமும், திறமையான டர்பைனும் சேர்ந்து மின்சாரத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகின்றன.

இப்போது ஒரு டன் கரும்பை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிமைக்காகச் சற்று உருட்டியிருக்கிறேன்.

பழைய ஆலை முதலில். 290 கிலோ சக்கையில், உலையை மீண்டும் பற்றவைக்கும் தேவைக்கும் சேற்றை வடிகட்டும் பிரிவுக்கும் 10 கிலோ ஒதுக்கிவிட்டால் 280 கிலோ. இந்த ஆலை சிக்கனம் பார்க்காமல் சாறு காய்ச்சுவதால் டன்னுக்கு 500 கிலோ ஆவி கேட்கிறது. ஒரு கிலோ சக்கைக்கு 2.1 கிலோ ஆவி கிடைக்கும் என்பதால் 238 கிலோ சக்கையை எரித்தாலே 500 கிலோ ஆவி வந்துவிடும். இந்த ஆவி முழுவதும் டர்பைன்களைக் கடந்து போகும்போது 500-ஐ 12-ஆல் வகுக்க, சுமார் 41 யூனிட். ஆலையின் உருளைகள், பம்புகள், சர்க்கரையைப் பிரிக்கும் இயந்திரங்கள், கொதிகலனின் காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து 36 யூனிட்டை விழுங்கிவிடும். மிச்சம் ஐந்து. நாற்பது கிலோ அளவில் சக்கை எரிக்கப்படாமலே முற்றத்தில் குவிகிறது. அதையும் எரித்து ஆவியாக்கலாமே என்றால், அந்த ஆவிக்குப் போக இடமில்லை. இந்த டர்பைனின் வெளிவாசல் சாறு காய்ச்சும் கலங்களில்தான் திறக்கிறது. அவை வாங்கிக்கொள்ளும் ஆவிக்கு மேல் ஒரு கிலோவும் டர்பைனில் ஓட முடியாது. மிஞ்சிய சக்கை காகித ஆலைக்குப் போகும். கரூர் மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது.

இப்போது புதிய ஆலை. அதே 280 கிலோ சக்கை முழுவதும் உலைக்குப் போகிறது. ஒரு கிலோவுக்கு 2.2 கிலோ ஆவி என்றால் 616 கிலோ. இந்த டர்பைனுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பாதி வழியில் 2.5 பாரில் ஒரு வாசல். அதில் 400 கிலோ ஆவி சாறு காய்ச்சப் போகிறது. போவதற்கு முன் அது கொடுத்த மின்சாரம், 400-ஐ 5.5-ஆல் வகுக்க, 73 யூனிட். மீதி 216 கிலோ ஆவி டர்பைனின் கடைசி வரை ஓடி, குளிர்நீர்க் குழாய்கள் நிறைந்த குளிர்விப்புக் கலத்தில் விழுந்து மீண்டும் தண்ணீராகிறது. கடைசி வரை இறங்கியதால் ஒரு யூனிட்டுக்கு 3.7 கிலோ போதும். அது 58 யூனிட். இரண்டும் சேர்ந்தால் 131 யூனிட். ஆலையின் சொந்தச் செலவு 30, உயர் அழுத்தக் கொதிகலனின் பெரிய பம்புகளுக்கும் காற்றாடிகளுக்கும் 11. இந்த 41 யூனிட்டைக் கழித்தால் 90 யூனிட் மின்வாரியக் கம்பிக்குப் போகிறது.

டன்னுக்கு 90 யூனிட் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்படி சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குச் சற்றுக் குறைவு. ஏக்கருக்கு 40 டன் விளைந்தால் 3600 யூனிட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நாலரை யூனிட் அளவில் இழுக்கும் என்று கொண்டால், ஓர் ஏக்கர் கரும்பின் சக்கை அந்த மோட்டாரை 800 மணி நேரம் ஓட்டும். என் தங்கை மகன் இந்தக் கணக்கைக் கேட்டதும் சிறிது நேரம் பேசவில்லை. தன் வயலின் சக்கை தன் மோட்டாரை இவ்வளவு காலம் ஓட்டும் என்று அவன் எண்ணியிருக்கவில்லை.

மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆலையில் நடக்கும் தவறுகள் அனைத்தும் அதில் ஒரே இடத்தில்தான் போய் அடிக்கின்றன. சாறு காய்ச்சும் 400 கிலோ ஆவியைக் குறைக்க முடியாது. குறைத்தால் அரவை நின்றுவிடும். சொந்தச் செலவான 41 யூனிட்டையும் குறைக்க முடியாது. ஆகவே எங்கே இழப்பு வந்தாலும் அது முழுவதும் கடைசி 216 கிலோ ஆவியிலிருந்துதான் பிடிக்கப்படும். விற்பனைக்குப் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த வாலில்தான் இருக்கிறது.

சக்கையின் ஈரத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி உருளைகளின் அழுத்தம் குறைந்தாலும், உருளையின் பற்கள் தேய்ந்தாலும், தெளிக்கும் நீர் அதிகமானாலும் சக்கையின் ஈரம் 50 விழுக்காட்டிலிருந்து 53-க்கு ஏறும். அப்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. சக்கையின் எடை 290 கிலோவிலிருந்து 308-க்கு உயர்கிறது. எடையை மட்டும் பார்ப்பவருக்கு எரிபொருள் கூடியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் நார் அதே 145 கிலோதான், கூடியது தண்ணீர். ஒரு கிலோ சக்கை தரும் வெப்பம் எட்டு விழுக்காடு குறைகிறது. எடை கூடியதையும், ஈரச் சக்கையால் கொதிகலனின் திறன் சற்றுக் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த இழப்பு மூன்று விழுக்காடு அளவில் நிற்கும். மூன்று விழுக்காடுதானே என்று விட்டுவிடத் தோன்றும். 616 கிலோ ஆவியில் அது 18 கிலோ. அந்த 18 கிலோவும் வாலிலிருந்து போவதால் டன்னுக்கு ஐந்து யூனிட் குறையும். நாளொன்றுக்கு 3000 டன் அரைக்கும் ஆலைக்கு அது நாளுக்கு 15,000 யூனிட்.

ஈரம் இன்னும் ஏறி 55-ஐத் தாண்டினால் கணக்கே வேறு. சக்கை உலைக்குள் விழுந்ததும் பற்றாமல் தட்டில் குவியலாக உட்கார்ந்துவிடும். உலை குளிரும், ஆவியின் அழுத்தம் சரியும், அதைச் சரிக்கட்ட இன்னும் சக்கையைத் தள்ளினால் குவியல் பெரிதாகும். உலைக்கு முன்னால் நிற்பவர் பார்வைச் சாளரத்தில் பார்த்தே சொல்லிவிடுவார்: வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய நெருப்பு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். ஆய்வகத்தில் இதைக் கண்டறிவது எளிது. கன்வேயரிலிருந்து எடுத்த 100 கிராம் சக்கையை 105 டிகிரி அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், குறைந்த கிராம்தான் ஈரத்தின் விழுக்காடு. ஷிஃப்டுக்குச் சில முறையாவது இதைச் செய்து உருளை ஓட்டுபவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். மறுநாள் அறிக்கையில் தெரிந்து பயனில்லை. அந்தச் சக்கை எரிந்து போயிருக்கும்.

டெல்டாவில் இதோடு களிமண்ணும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓயும் முன் வெட்டிய கரும்பு அடித்தூரில் சேற்றோடு வரும். அந்த மண் சக்கையோடு உலைக்குப் போய்ச் சாம்பலைக் கூட்டும். அதில் உள்ள மணல் கொதிகலன் குழாய்களை அரித்துத் தேய்க்கும். வயலிலேயே அடியைத் தட்டி மண்ணைப் போக்கிவிட்டு ஏற்றுவது ஆலைக்கும் நல்லது, எடை பிடித்தம் இல்லாமல் விவசாயிக்கும் நல்லது.

உயர் அழுத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அது தண்ணீரின் தூய்மை. 21 பார் கொதிகலன் ஓரளவு கரடுமுரடான நீரையும் தாங்கிக்கொள்ளும். 87 பார் கொதிகலன் தாங்காது. உப்பு முழுவதும் நீக்கிய நீர்தான் அதற்குள் போக வேண்டும். சாறு காய்ச்சப் போன ஆவி குளிர்ந்து தூய நீராகத் திரும்பி வருகிறது; அதையே மீண்டும் கொதிகலனுக்குக் கொடுக்கிறோம். ஆபத்தும் அதே வழியில்தான் வருகிறது. காய்ச்சும் கலத்தில் மெல்லிய குழாய்களின் ஒரு பக்கம் ஆவி, மறுபக்கம் சாறு. ஒரு குழாயில் ஊசித் துளை விழுந்து, ஆலை நிற்கும் நேரத்தில் ஆவியின் அழுத்தம் இறங்கினால், சாறு ஆவிப் பக்கம் கசிந்துவிடும். அடுத்த முறை ஆவி திறக்கும்போது அந்தச் சர்க்கரை திரும்பும் நீரோடு கொதிகலனுக்குள் போய், அந்த வெப்பத்தில் சிதைந்து அமிலமாகிறது. கொதிகலன் நீர் நுரைக்கிறது, குழாய்கள் அரிக்கின்றன, நுரையோடு போகும் துளிகள் டர்பைன் இறக்கைகளில் படிகின்றன. இணை மின் ஆலை ஒன்று நாள்கணக்கில் நின்றுபோக இது ஒன்றே போதும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒரு சோதனைக் குழாயில் அடங்கிவிடும். திரும்பி வரும் நீரில் சிறிது எடுத்து, ஆல்ஃபா நாப்தால் கரைசல் சில சொட்டு விட்டு, குழாயைச் சாய்த்து அடர் கந்தக அமிலத்தை மெதுவாக ஓரமாக இறக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அமிலமும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் ஒன்று தோன்றும். வளையம் தெரிந்த உடனே அந்த நீரைக் கொதிகலனுக்கு அனுப்பாமல் வெளியே திருப்பிவிட்டு, இருப்பில் உள்ள தூய நீரைக் கொடுக்க வேண்டும். ஆலை நின்று மீண்டும் தொடங்கும் முதல் அரை மணி நேரத்தில் இந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கச் சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள். இளையவர்களுக்கு நானும் அதையே சொல்லி வந்தேன்.

கடைசியாக, ஆலைகள் வெளியிடும் எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெல்டாவில் நெல்தான் முதல் பயிர். கரும்புப் பரப்பு குறைந்துவருவதால் அரவைப் பருவம் நீள்வதில்லை. அரவை இல்லாத மாதங்களிலும் டர்பைன் சும்மா நிற்கக் கூடாது என்று நிலக்கரி, விறகுத் துண்டுகள், நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் நெல் உமி ஆகியவற்றை எரித்து மின்சாரம் எடுப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் விற்ற யூனிட்டை ஆண்டில் அரைத்த கரும்பால் வகுத்துவிட்டால் தவறான எண் கிடைக்கும்.

ஓர் ஆலை 100 நாளில் மூன்று லட்சம் டன் அரைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மின்வாரியத்துக்கு விற்றது நான்கு கோடி யூனிட். வகுத்தால் டன்னுக்கு 133 வருகிறது. மேலே நாம் பார்த்த 131 யூனிட் என்பது சொந்தச் செலவைக் கழிக்கும் முன் உள்ள மொத்த உற்பத்தி என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த எண் உடனே உறுத்தும். அப்போது கேட்க வேண்டியது, அரவை நாள்களில் மட்டும் எத்தனை யூனிட் விற்றீர்கள் என்பது. இரண்டு கோடியே எழுபது லட்சம் என்று பதில் வந்தால், டன்னுக்கு 90. மீதி ஒரு கோடியே முப்பது லட்சம் யூனிட் உமியும் நிலக்கரியும் தந்தவை.